நைந்த முழங்காலில் சஷிகோ: கட்டம் நேராகப் போட்டும் வரிசை வளைவது ஏன்?

வெண்ணூல் | மார்ச் 2, இரவு 9.40

கருநீலப் பருத்திக் கால்சட்டை ஒன்றின் வலது முழங்காலில் சஷிகோ என்னும் ஜப்பானிய ஓடு தையல் போட்டு, இரண்டு முறை பிரித்துவிட்டேன். மூன்றாம் முறை ஊசியை எடுப்பதற்கு முன் இங்கே கேட்கிறேன்.

நைந்த பகுதி 7 செ.மீ. அகலமும் 9 செ.மீ. உயரமும் கொண்டது. நடுவில் இரண்டு இடங்களில் நெடுக்கே ஓடும் பாவு நூல் முழுவதும் போய், குறுக்கே ஓடும் வெள்ளை ஊடை மட்டும் ஏணிப்படிகளைப் போல நிற்கிறது. உள்பக்கம் 12 செ.மீ. அகலமும் 14 செ.மீ. உயரமும் உள்ள ஒட்டுத்துணியை வைத்தேன். வெளிப்பக்கத்தில் அளவுகோல் வைத்துத் தையல் சாக்கால் 6 மி.மீ. கட்டம் வரைந்தேன். ஒரு கட்டத்துக்கு ஒரு தையலும் ஓர் இடைவெளியும் என்பது கணக்கு. தையல் மூன்றரை மி.மீ., இடைவெளி இரண்டரை மி.மீ. அந்தக் கணக்கில் ஒரு வரிசைக்கு 20 தையல்கள் வர வேண்டும்.

விளிம்பை ஒட்டிய வரிசைகளில் 20 வந்தது. நடுப்பகுதிக்கு வருவதற்குள் நெடுக்குக் கோடுகள் கை பட்டு அழிந்துவிட்டன; கண்ணளவில் தைத்ததில் ஒரு வரிசையில் 23 தையல்களும் இன்னொன்றில் 18 தையல்களும் விழுந்தன. அதையாவது என் கையின் குறை என்று எடுத்துக்கொள்வேன். ஆனால் கிடைக்கோடு அழியவில்லை, அதன் மேலேயே தைத்தேன். அப்படியிருந்தும் முடித்துத் துணியை உதறியதும் நடு வரிசைகள் நான்கு மி.மீ. அளவுக்குக் கீழே தொய்ந்து நின்றன. நேர்கோட்டில் தைத்தது எப்படி வளைந்தது?

சாக்குக்கட்டி | மார்ச் 2, இரவு 10.15

சாக்கை விட்டுவிட்டு, சூடு பட்டால் மறையும் பேனாவால் வரையுங்கள். கோடு மெல்லியதாக இருக்கும், கை பட்டாலும் அழியாது, வேலை முடிந்ததும் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் போய்விடும். அத்துடன் எம்பிராய்டரி வளையத்தில் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் வளைவதற்கு வழியே இல்லை. நான் தலையணை உறைகளை எல்லாம் இப்படித்தான் தைக்கிறேன்.

வெண்ணூல் | மார்ச் 3, காலை 6.50

வளையத்தை இரண்டாம் முறை பயன்படுத்திப் பார்த்தேன், அதை எழுத விட்டுப்போயிற்று. வளையத்துக்குள் இருக்கும் வரை வரிசைகள் மிக நேராக இருந்தன. கழற்றிய ஐந்து நிமிடத்தில் துணி சுருங்கிப் பின்வாங்கி, ஒவ்வொரு தையலுக்கும் இடையில் சிறு மேடு எழும்பிவிட்டது. நைந்த துணியை இறுக்கினால் அது விரிந்து கொடுக்கிறது, விட்டதும் திரும்பிவிடுகிறது, நூல் மட்டும் விரிந்த நிலையின் நீளத்திலேயே நின்றுவிடுகிறது.

ஊசிமுனை | மார்ச் 3, முற்பகல் 11.05

சாக்குக்கட்டி சொன்னதில் பாதி சரி. புத்தம்புதுத் தலையணை உறையில் வளையம் பெரிய தீங்கு செய்யாது. ஆனால் சஷிகோவில் ஊசி ஓரிடத்தில் நின்றிருக்க, துணியைத்தான் மேலும் கீழும் ஆட்டி ஊசியின் மேல் ஏற்றுகிறோம். நான்கைந்து தையல்கள் ஏறிய பிறகு உள்ளங்கையில் அணிந்த வட்டத் தகட்டால் ஊசியின் காதுப் பக்கத்தைத் தள்ளி ஒரே இழுப்பில் நூலை வாங்குவது வழக்கம். தையல் சீராக வருவதற்கே அந்த ஆட்டத்தின் தாளம்தான் காரணம். வளையத்தில் இறுக்கிய துணியை ஆட்ட முடியாது. ஒவ்வொரு தையலாகக் குத்தி எடுக்க வேண்டியிருக்கும், அப்போது ஒவ்வொன்றும் ஒரு தனி முடிவாகிவிடும்.

சூட்டில் மறையும் பேனாவைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அந்த மை உண்மையில் போவதில்லை, நிறத்தை மட்டும் இழக்கிறது. உறைபனி அளவுக்குக் குளிர்ந்தால் கோடு திரும்பி வரும். கருநீலத் துணியில் மறைந்த இடம் வெளிறிய தடமாக நிற்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் சோதித்துப் பார்க்காமல் நடுவில் வரைய வேண்டாம்.

வெண்ணூலிடம் ஒரு கேள்வி: வரைவதற்கு முன் அந்தக் காலை எப்படிப் பரப்பினீர்கள்?

வெண்ணூல் | மார்ச் 3, இரவு 8.30

மேசையில் வைத்து, முழங்கால் பகுதி உப்பியிருந்ததால் இடது உள்ளங்கையால் அழுத்திப் பரப்பிக்கொண்டுதான் வரைந்தேன். எழுதும்போதே ஏதோ பிடிபடுகிறது, ஆனால் முழுதாகச் சொல்லத் தெரியவில்லை.

பாவூடை | மார்ச் 3, இரவு 9.55

நெசவுக் குடும்பத்தில் வளர்ந்தவன் என்ற முறையில் துணியின் பக்கத்திலிருந்து பேசுகிறேன்; சஷிகோ எனக்குப் பழக்கமில்லை. முழங்கால் தினமும் மடங்கி நீண்டதில் அந்த இடத்துப் பாவு நூல்கள் உண்மையாகவே நீண்டுவிட்டன. அதனால் நடுவில் மிச்சத் துணி இருக்கிறது, அதுதான் உப்பல். நீங்கள் உள்ளங்கையால் அழுத்தியபோது அந்த மிச்சம் பக்கவாட்டில் ஒதுங்கியது. ஒதுங்கிய துணியின் மேல் அளவுகோலை வைத்து நேர்கோடு போட்டீர்கள். கையை எடுத்ததும் துணி தன் நிலைக்குத் திரும்பியது, கோடும் அதோடு போயிற்று. ஆக, உங்கள் கோடு மேசைக்கு நேராக இருந்ததே தவிர, துணிக்கு நேராக இல்லை.

சோதித்துப் பார்ப்பது எளிது. கோட்டின் இடது முனையில் ஓர் ஊடை நூலை ஊசி முனையால் தொட்டு, அதே நூலைப் பின்தொடர்ந்து வலது முனை வரை போங்கள். நூலும் சாக்குக் கோடும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள்.

வெண்ணூல் | மார்ச் 4, காலை 7.20

பாவூடை ஐயா சொன்னபடி விளக்குக்கு அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டாம் முறை வரைந்த ஒன்பதாவது கோட்டின் தடம் இன்னும் தெரிகிறது. இடது ஓரத்தில் எந்த ஊடை நூலின் மேல் தொடங்கியதோ அதிலிருந்து, நடுவுக்கு வருவதற்குள் கோடு ஏழு நூல் தள்ளிப் போயிருக்கிறது. வலது ஓரத்தை நெருங்கும்போது ஆறு நூல் திரும்பி வந்திருக்கிறது. இரண்டு மாலைகளைத் தின்ற வளைவு இந்த ஏழு நூல்தான்.

இன்னொன்றையும் கவனித்தேன். சாக்கின் முனை துணிக்கு முன்னால் ஒரு சிறு அலையைத் தள்ளிக்கொண்டே போகிறது. புதுத் துணியில் இந்த அலை எழுவதில்லை. நைந்ததில் கட்டாயம் எழுகிறது. இழுத்து வரைவதைக் காட்டிலும் புள்ளி வைப்பது மேல் என்று தோன்றுகிறது.

புதுக்கை | மார்ச் 4, மாலை 4.10

எனக்கும் இதே தொல்லைதான். பழைய டி-ஷர்ட்டின் வயிற்றுப் பகுதியில் சிறு சிறு ஓட்டைகள். கட்டம் போட்டு வெள்ளை நூலால் நெருக்கமாகத் தைத்தேன். போட்டுக்கொண்டு கையைத் தூக்கியதும் மூன்று இடங்களில் நூல் அறுந்துவிட்டது. கட்டத்தை இன்னும் சிறியதாகப் போட வேண்டுமா?

ஊசிமுனை | மார்ச் 4, மாலை 6.00

உங்கள் கேள்வி வேறு, தம்பி. டி-ஷர்ட் பின்னல் துணி. அதன் கண்ணிகள் இழுபடும். ஓடு தையலின் நூல் இழுபடாது. கட்டத்தைச் சிறிதாக்கினால் அறுபடும் இடங்கள்தான் கூடும். பின்னல் துணிக்குக் கண்ணியோடு கண்ணி சேர்த்து நெளிந்து போகும் தையல் வேண்டும். இங்கே பேசுவது பாவும் ஊடையும் உள்ள நெய்த துணியைப் பற்றி.

ஊசிமுனை | மார்ச் 4, இரவு 9.15

வெண்ணூலின் ஏழு நூலுக்கு வருகிறேன். ஜப்பானின் வடபகுதியில், சுகாரு வட்டாரத்தில், எடோ காலத்து உழவர்களுக்குப் பருத்தி ஆடை அணியத் தடை இருந்தது. அவர்கள் அணிந்தது சணல் வகைத் துணி. அதன் கண்கள் அகன்றிருந்ததால் குளிர் உள்ளே புகும். அந்தக் கண்களை நூலால் அடைத்துத் தைத்ததிலிருந்து வளர்ந்தது கோகின். அதில் கோடு வரைவதே இல்லை. ஒன்று, மூன்று, ஐந்து என்று துணியின் நூலை எண்ணி ஊசியை விடுவார்கள். பக்கத்து நம்பு வட்டாரத்தின் ஹிஷிசாஷியில் இரண்டு, நான்கு என்று இரட்டைப்படையில் எண்ணுவார்கள். அளவுகோல் வைத்து வரையும் முறை, கண்ணுக்கு நூல் தெரியாத நெருக்கமான பருத்தித் துணிக்கு உரியது.

உங்கள் முழங்காலில் நூலை எண்ணுவதும் முடியாது, ஏனெனில் நடுவில் எண்ணுவதற்குப் பாவே இல்லை. வெளித்துணியில் வரைவதும் முடியாது, ஏனெனில் அது நிற்காது. நேராக நிற்பது ஒன்றே ஒன்று, உள்ளே இருக்கும் ஒட்டுத்துணி. கட்டத்தை அதன் மேல் போடுங்கள்.

வெண்ணூல் | மார்ச் 5, இரவு 10.30

இன்று ஒட்டுத்துணியில் கட்டம் போட்டேன். கால்சட்டையைக் காட்டிலும் சற்று மெல்லிய பருத்தி அது, இரண்டு முறை துவைத்துக் காயவைத்தது. முதல் முறை துவைக்காத துணியை வைத்திருந்தேன். அதுவும் பின்னால் சுருங்கியிருக்கும் என்று இப்போது புரிகிறது. ஓரத்தில் ஓர் ஊடை நூலை உருவி எடுத்தேன். நூல் போன இடத்தில் மயிரிழைபோல் ஒரு வெட்டவெளி தெரிந்தது. அதைவிட நேரான கோட்டை எந்த அளவுகோலும் தராது. அதிலிருந்து மற்ற கோடுகளை அளந்து, துணி நகராமலிருக்க மென்மையான உப்புத்தாளின் மேல் விரித்து வைத்து வரைந்தேன்.

பிறகு உள்பக்கத்திலிருந்து தைக்கத் தொடங்கினேன். நான்கு வரிசை முடித்துத் திருப்பிப் பார்த்தபோது வரிசைகள் நேராக இருந்தன, ஆனால் முகம் மாறிவிட்டது. எனக்குத் தெரிந்த பக்கத்தில் மூன்றரை மி.மீ. தையலும் இரண்டரை மி.மீ. இடைவெளியும் இருந்தன, வெளிப்பக்கத்தில் அது தலைகீழாகி, குட்டையான வெள்ளைப் புள்ளிகளும் அகன்ற நீலமும்தான் தெரிகின்றன. உள்ளேயிருந்து வேண்டுமென்றே குட்டையாகத் தைக்க முயன்றேன். இரண்டு அங்குலத்துக்குள் கை பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது.

சாக்குக்கட்டி | மார்ச் 6, காலை 8.00

தையலும் இடைவெளியும் சம நீளமாக இருந்தால் இந்தச் சிக்கலே வராதே. மூன்றுக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசிமுனை | மார்ச் 6, காலை 9.30

இதை ஒப்புக்கொள்கிறேன். ஹிதோமேசாஷி என்னும் கட்ட வகைகளில் முன்னும் பின்னும் சம நீளம்தான். குறுக்கும் நெடுக்குமாகத் தைக்கும்போது முனைகள் சந்திக்க அதுவே தேவை. ஆனால் வெறும் ஓடு வரிசைகளில் மூன்றுக்கு இரண்டு என்ற அளவில் வெளித்தையல் நீண்டிருந்தால்தான் கண் அதைத் தொடர்ந்த கோடாகப் படிக்கும். சமமாக இருந்தால் துணியின் தடிப்பு கொஞ்சம் நூலை விழுங்கிவிடுவதால் வெளியே இடைவெளியே பெரிதாகத் தெரியும்.

வெண்ணூல், நான் செய்வது இது. உள்ளிருக்கும் கட்டத்திலிருந்து சில கோடுகளை மட்டும் வெளியே கொண்டுவாருங்கள். மெல்லிய வழுவழுப்பான வேற்றுநிற நூலால், அந்தக் கோடுகளின் மேல் நீளமான தற்காலிகத் தையல் போட்டால் அது வெளிப்பக்கத்திலும் தெரியும். பிறகு வெளியிலிருந்து தையுங்கள்.

வெண்ணூல் | மார்ச் 8, இரவு 11.10

இரண்டு நாள் வேலையை முழுவதும் எழுதிவைக்கிறேன்.

முதலில் முன் தைத்ததையெல்லாம் பிரித்துவிட்டுக் கால்சட்டையைத் துவைத்து, தொங்கவிடாமல் பரப்பிக் காயவைத்தேன். உப்பல் பாதியாகக் குறைந்தது. மிச்சத்தை இஸ்திரிப் பெட்டியின் ஆவியை மேலே காட்டி, தேய்க்காமல் உள்ளங்கையால் ஒற்றி இறக்கினேன். அப்படியும் நடுவில் சிறிது துணி மிச்சமிருந்தது. அது போகாது என்று ஏற்றுக்கொண்டு, ஒட்டுத்துணியை உள்ளே வைத்து நடுவிலிருந்து வெளிநோக்கிக் குண்டூசி குத்தினேன். ஓரத்திலிருந்து தொடங்கினால் மிச்சம் முழுவதும் நடுவில் ஒரே சுருக்கமாகக் குவியும். நடுவிலிருந்து போனால் அது ஊசிக்கு ஊசி பங்கிட்டுக்கொள்கிறது.

பிறகு சிவப்புத் தையல் நூலால் ஆறு கோடுகளை வெளியே கொண்டுவந்தேன். 14 செ.மீ. உயரத்தில் மேலும் கீழும் 10 மி.மீ. விட்டு, 24 மி.மீ.க்கு ஒரு கோடு. இரண்டு சிவப்புக் கோடுகளுக்கு நடுவே 6 மி.மீ. இடைவெளியில் மூன்று வரிசைகள் அடங்கும். ஆறு கோட்டுக்கு ஆறு, இடையில் பதினைந்து, மேலும் கீழும் ஒவ்வொன்று, ஆக 23 வரிசைகள்.

முதல் வரிசையைச் சிவப்புக் கோட்டின் மேலேயே தைத்தது பிழை. வெள்ளை நூல் சிவப்பு நூலைக் குத்திக்கொண்டு போனதால் பிறகு சிவப்பை உருவ முடியாமல் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த கோட்டிலிருந்து சிவப்புக்கு ஒரு நூல் கீழே தைத்தேன்.

இடைவரிசைகளைக் கண்ணளவில்தான் தைத்தேன். இரண்டு கோடுகளுக்கு நடுவில் முதலில் சரிபாதியில் ஒரு வரிசை, பிறகு அந்தப் பாதிகளின் பாதியில் ஒவ்வொன்று. மேலிருந்து வரிசையாக இறங்கினால் சிறு தவறு அடுத்த வரிசைக்குச் சேர்ந்துகொண்டே போகிறது. பாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு தவறும் இரண்டு கோடுகளுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. எண்ணிப் பார்த்ததில் பெரும்பாலான வரிசைகளில் 20, இரண்டில் 21, ஒன்றில் 19. அந்த 19 எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்கே தேடித்தான் கண்டுபிடிக்க முடிகிறது.

பாவூடை | மார்ச் 9, காலை 7.45

அடுத்தடுத்த வரிசைகளில் இடைவெளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தனவா, மாறி மாறி விழுந்தனவா? ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தால், நூலில்லாத அந்த நெடுக்குப் பட்டையில்தான் துணி மடங்கும். துணி எப்போதும் ஒரே இடத்தில் மடங்கினால் அங்கேதான் அறும்.

வெண்ணூல் | மார்ச் 9, இரவு 9.20

மாற்றித்தான் தைத்தேன், செங்கல் அடுக்குவதுபோல. அழகுக்காகச் செய்தது, காரணம் இப்போதுதான் தெரிகிறது.

ஊசிமுனை | மார்ச் 9, இரவு 10.00

நூலை நீவினீர்களா? அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லையே.

வெண்ணூல் | மார்ச் 10, காலை 6.40

நீவினேன், ஆனால் முதல் ஐந்து வரிசைகளில் தவறாக. ஊசியை இழுத்த பிறகு துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, தைத்து வந்த திசையிலேயே தள்ளி நீவ வேண்டும். அப்போது சுருங்கிய துணி நூலின் மேல் விரிந்து படுத்துக்கொள்ளும். ஜப்பானியர் இதை இதோகோகி என்கிறார்கள். நான் வரிசை முழுவதும் தைத்துவிட்டுக் கடைசியில் ஒரே முறை நீவினேன். நைந்த இடத்தில் துணிக்கு நூலைத் தள்ளும் வலு இல்லாததால் சுருக்கம் வரிசையின் ஓரங்களுக்கு ஓடி அங்கேயே நின்றுவிட்டது. ஆறாம் வரிசையிலிருந்து ஊசிக்கு நான்கு தையல் மட்டும் ஏற்றி, ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் நீவினேன். பாவு போன இரண்டு இடங்களிலும் ஊசிக்கு இரண்டு தையலுக்கு மேல் ஏற்றவில்லை. ஏற்றினால் நிற்கும் ஊடை நூல்கள் ஊசியோடு கூடி ஒரு பக்கமாகக் குவிகின்றன.

வரிசை முடிந்து அடுத்ததற்குத் திரும்பும் இடத்தில், உள்பக்கம் நூலை இழுத்துப் பிடிக்காமல் சிறு வளையமாகத் தளர்த்தி விட்டேன். துவைக்கும்போது துணி இழுத்தால் அந்தத் தளர்வு கொடுக்கும்.

கண்ணளவு | மார்ச் 12, பிற்பகல் 2.30

இவ்வளவையும் படித்தேன். நாற்பது ஆண்டுகளாக ஒட்டுப் போடுகிறேன், ஒருமுறையும் கட்டம் வரைந்ததில்லை. முந்தைய வரிசையைப் பார்த்து அடுத்த வரிசையைத் தைப்பேன். உப்பலோடு சேர்ந்து வரிசையும் சற்று வளைந்தால் வளையட்டும், அது முழங்காலின் வடிவம். அதை நேராக்க எதற்கு இத்தனை பாடு?

ஊசிமுனை | மார்ச் 12, மாலை 5.15

அம்மா, உங்கள் கைக்கு அந்த நாற்பது ஆண்டுகள்தான் கட்டம். அது இல்லாதவர்களுக்கு வெளியிலிருந்து ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. ஆனால் வளைவைப் பற்றி நீங்கள் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. துணியின் நூலோடு சேர்ந்து வளையும் வரிசை, நூலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் நேர்வரிசையைவிட வலுவாகவும் இருக்கலாம்.

பாவூடை | மார்ச் 12, இரவு 8.40

ஒட்டுத்துணி நேராக இருக்கும்போது, வரிசை ஏதாவது ஒரு துணியின் நூலைக் குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டும். இரண்டில் வலுவுள்ள துணியின் நூலோடு போவதே எனக்குச் சரியாகப் படுகிறது. கண்ணளவு அம்மா ஒட்டுப் போட்ட துணி ஒன்றை உள்பக்கம் பார்த்தால் தெளிவு கிடைக்கும்.

கண்ணளவு | மார்ச் 13, காலை 10.20

உள்பக்கம் பார்த்தேன். என் ஒட்டுத்துணியும் வரிசையோடு சேர்ந்துதான் வளைந்திருக்கிறது. தைக்கும்போதே கை அதைத் திருப்பியிருக்க வேண்டும்.

வெண்ணூல் | ஏப்ரல் 6, இரவு 9.05

நான்கு முறை துவைத்தாயிற்று, வாரத்துக்கு மூன்று நாள் உடுத்துகிறேன். நடுப்பகுதி அசையவில்லை, ஏணிப்படிகளாக நின்ற ஊடை நூல்கள் தையல்களுக்கு நடுவில் படுத்து ஒட்டுத்துணியோடு ஒன்றிவிட்டன. முதல் ஐந்து வரிசைகளின் ஓரத்தில் இருந்த சுருக்கமும் துவைக்கத் துவைக்கப் பாதி அடங்கியிருக்கிறது.

ஆனால் கீழ் இடது மூலையில், தையல் முடிந்த இடத்துக்கு ஒட்டி வெளியே, துணி வெளிறத் தொடங்கியிருக்கிறது. விளக்குக்கு நேரே பிடித்தால் இரண்டு செ.மீ. நீளத்தில் ஒரு மெல்லிய நெடுக்குக் கோடு தெரிகிறது. பார்த்தால், அந்தப் பக்கத்து ஐந்து வரிசைகளும் ஒரே நேர்விளிம்பில் முடிந்திருக்கின்றன. தைத்த பகுதி விறைப்பாகவும் அடுத்தது மெல்லியதாகவும் இருப்பதால் மடிப்பு அந்த விளிம்பிலேயே விழுகிறது. மற்ற மூன்று மூலைகளில் நூல் தீர்ந்துபோனதால் வரிசைகள் முன்னும் பின்னுமாக முடிந்திருந்தன, அங்கே ஒன்றும் ஆகவில்லை.

ஊசிமுனை | ஏப்ரல் 7, காலை 8.10

இழையோட்டி ரஃபு செய்பவர்கள் ஓரத்தை எப்போதும் ஏற்ற இறக்கமாக விடுவது இதற்காகத்தான். இப்போதும் காலம் தாழவில்லை. அந்த ஐந்து வரிசைகளில் ஒன்றுவிட்டு ஒன்றை நல்ல துணிக்குள் இரண்டு மூன்று தையல்கள் நீட்டுங்கள். புது நூலைத் தொடங்கும்போது முடிச்சுப் போடாமல், பழைய தையலின் மேலேயே மூன்று தையல் தூரம் சேர்த்து ஓட்டுங்கள்.

வெண்ணூல் | ஏப்ரல் 7, இரவு 10.45

இரண்டாவது, நான்காவது வரிசைகளை மூன்று தையல் அளவுக்கு நீட்டிவிட்டேன். ஒட்டுத்துணியின் விளிம்பு அங்கே முடிந்துவிடுவதால் நீட்டிய தையல்கள் வெளித்துணியில் மட்டும் ஓடுகின்றன. அவை சற்று உள்ளே அமிழ்ந்து, மற்றவற்றைவிடக் குட்டையாகத் தெரிகின்றன. இடது காலின் முழங்காலும் மெலிந்துகொண்டு வருகிறது. அதற்கு 15 செ.மீ. அகல ஒட்டுத்துணியைத் துவைத்துப் போட்டிருக்கிறேன்.